நாங்கள் கேட்ட கேள்விகள்

பேசுவது என்றால் எனக்குப் பயமே கிடையாது. இது தற்பெருமை இல்லை, எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆறு வயதில் கோயில் திருவிழாவில் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தபோது அதைத் திரும்ப வாங்க மூன்று பேர் தேவைப்பட்டார்களாம். அப்படிப்பட்ட நான் தரம் பதினொன்றில் சிரேஷ்ட மாணவத் தலைவியானதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எனக்கு மட்டும், இவ்வளவு தாமதமாகவா கொடுத்தார்கள் என்று இருந்தது.

எங்கள் பாடசாலை தெஹியோவிட்டவுக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. தரம் பதினொன்றுக்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. அதனால் சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் பிரியாவிடை வைப்பார்கள். தரம் பத்துப் பிள்ளைகள் சோடனையும் சாப்பாடும் பார்ப்பார்கள். விடைபெறும் சிரேஷ்ட மாணவத் தலைவர் மேடையேறிப் பேசுவார். பிறகு போகிற பிள்ளைகள் எல்லாரும் வெற்றிலைக் கட்டோடு வரிசையாகப் போய் ஆசிரியர்கள் கையில் கொடுத்து, காலில் விழுந்து எழும்புவார்கள். இந்த வெற்றிலை வழக்கம் எங்களுக்குப் பக்கத்துச் சிங்களப் பாடசாலையிலிருந்து வந்தது. ஆனால் அவர்களைவிட நாங்கள்தான் அதிகமாக அழுவோம்.

பிரியாவிடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தமிழ் ஆசிரியர், எங்கள் தமிழ் சேர், என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, மட்டை கிழிந்த ஒரு கொப்பியை எடுத்து நீட்டினார். வருடாவருடம் பேசப்படும் உரை அதில் இருந்தது. ஆசிரியர் பெயர்கள் பென்சிலில் எழுதப்பட்டிருந்தன. யாராவது இடமாற்றம் பெற்றுப் போனால் அழித்துவிட்டு வந்தவர் பெயரை எழுதுவார்கள். பாடசாலை அதிபர் 'ஆலமரம்'. பிரதி அதிபர் 'கண்டிப்பின் சிகரம்'. ஆரம்பப்பிரிவு ஆசிரியைகள் எல்லாரும் 'இரண்டாம் தாய்'. கடைசிப் பக்கத்தில், 'சக மாணவர்களே, அறிவுத் தேடலை ஒருபோதும் கைவிடாதீர்கள்' என்று இருந்தது. அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் கைதட்டல் என்று யாரோ எழுதியும் வைத்திருந்தார்கள்!

நான் அதை நாலு வருடமாகக் கேட்டிருக்கிறேன். எங்கள் அம்மாவுக்கே பாதி மனப்பாடம். இதையா நான் பேசுவது?

"நானே எழுதுறேனே சேர்" என்றேன்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுக்கவில்லை, நிபந்தனை போட்டார். அழைக்கும் ஒழுங்கு மாறக் கூடாது: முதலில் விருந்தினராக வரும் வலயக் கல்விப் பணிப்பாளர், பிறகு அதிபர், பிரதி அதிபர், ஆசிரியர்கள், கல்விசாரா ஊழியர்கள், பெற்றோர், கடைசியில் மாணவர்கள். நன்றி சொல்லும்போது ஓர் ஆசிரியரும் விடுபடக் கூடாது. ஒரு முறை சித்திரப் பாட ஆசிரியை விடுபட்டு, அவர் ஒரு பாடசாலைத் தவணை முழுக்கத் தமிழ் சேரோடு பேசாமலிருந்தாராம். ஒருவருக்கு மூன்று வரி, இன்னொருவருக்கு ஒரு வரி என்று இருக்கக் கூடாது, அவர்கள் உட்கார்ந்து எண்ணுவார்கள். மொத்தம் பத்து நிமிடம். நன்றியை முடித்த பிறகுதான் நண்பர்களுக்குப் புத்தி சொல்ல வேண்டும். புத்தியை முதலில் சொன்னால் நன்றி கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் எழுதிக் காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்கு யோசனை உதித்துவிட்டது. ஆலமரமும் வேண்டாம், சிகரமும் வேண்டாம். ஒவ்வோர் ஆசிரியருக்கும், அவரிடம் நாங்கள் கேட்ட ஒரு கேள்வியையும் அவர் சொன்ன பதிலையும் சொல்லி நன்றி சொல்வேன். அத்தனையும் சொன்ன பிறகு, 'இப்படியே கேட்டுக்கொண்டே இருங்கள்' என்று நண்பர்களுக்குச் சொன்னால், யார் மறுக்க முடியும்? அடேயப்பா, என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அன்று மாலை கொப்பியை விரித்துப் பதினான்கு ஆசிரியர்களின் பெயரையும் எழுதினேன். பக்கத்தில் கேள்வியை எழுத வேண்டும். முதல் பெயரில் பேனா நின்றது. இரண்டாவதிலும் நின்றது. பதினொரு வருடம் அந்தப் பாடசாலையில் படித்திருக்கிறேன். எழுதச் சொன்னதை எழுதினேன், வாசிக்கச் சொன்னதை உரக்க வாசித்தேன், கேட்டதற்கெல்லாம் கையை உயர்த்திப் பதில் சொன்னேன். நானாக ஒரு கேள்வி? ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராததற்குக் காரணம், ஒன்றுகூடக் கேட்டதில்லை என்பதுதான்.

ஆனால் கேள்வி கேட்ட ஓர் ஆள் எங்கள் வகுப்பில் இருந்தான். பெரியம்மா மகன். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இரண்டு காம்பரா தள்ளி அவன் வீடு. என்னைவிட மூன்று மாதம் மூத்தவன் என்பதால் அண்ணன் என்று கூப்பிட வேண்டும் என்பது பெரியம்மாவின் கட்டளை. நான் கூப்பிட்டதில்லை. பாடம் நடக்கும்போது அவன் கேள்வி கேட்பான், வகுப்பு சிரிக்கும், ஆசிரியர் அவனை வெளியே நிறுத்துவார். சில நேரம் பாடமே திசைமாறிப் போய்விடும். மாணவத் தலைவி என்ற முறையில் சத்தம் போட்டவர்கள் பட்டியலில் அவன் பெயரை நானே பலமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதிபரின் அறையில் அவனுக்குக் குழப்படிக்காரன் என்று பெயர்.

மலைத் தண்ணீர் விழும் பீலியில் அவன் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். விசயத்தைச் சொன்னேன்.

"அட, இவ்வளவுதானா?" என்று ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான். எனக்கு எழுதக் கை போதவில்லை. தரம் ஒன்று ஆசிரியையிடம் 'அ-வுக்கு முன்னால என்னா இருக்கு?' என்று கேட்டதிலிருந்து வரிசையாக வந்தான். யாரிடம், எந்த வகுப்பில், அவர் என்ன சொன்னார், அன்று மழையா வெயிலா என்பது வரைக்கும் சொன்னான். வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, பின்னால் நின்ற ஓர் அக்கா அவனைத் திட்டிவிட்டு வாளியைத் தள்ளி வைத்தார்.

முடிந்ததும், "என் பேரச் சொல்லுவியா?" என்று கேட்டான்.

அவன் எதையும் கேட்டு வாங்குகிறவன் இல்லை. காரணம் எனக்குத் தெரியும். அவனுக்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க வேண்டும். அதற்குத் தமிழில் படிப்பிக்கும் பாடசாலை எங்கள் பக்கத்தில் இல்லை, தூரத்து டவுனில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். நேர்முகப் பரீட்சைக்கு அதிபரின் நற்சான்றிதழ் வேண்டும். அதில் நடத்தை என்று ஒரு வரி உண்டு. பெரியம்மா ஏற்கெனவே போய்க் கேட்டதற்கு அதிபர், "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். எல்லார் முன்னாலும், பணிப்பாளர் முன்னாலும், அவன் பெயர் நல்லவிதமாக வந்தால் அதிபர் பேனாவை எடுக்கும்போது அது ஞாபகம் வரும். அவ்வளவுதான் அவன் கணக்கு.

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சத்தியமா" என்று அவன் உள்ளங்கையில் அடித்தேன்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். பெயரோடுதான் ஆரம்பித்தேன். 'என் பெரியம்மா மகன் கேட்டான்' என்று அவன் பெயரையும் சேர்த்து முதல் ஆசிரியருக்கு எழுதினேன். இரண்டாவதற்கும் அதையே எழுத வேண்டியிருந்தது. மூன்றாவதற்கும். வாசித்துப் பார்த்தால் அது அவனுடைய பிரியாவிடை உரையாக இருந்தது. தலைவி நான், அவன் செய்ததை வாசிக்கும் அறிவிப்பாளராகிவிட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் வெட்டி 'நாங்கள் கேட்டோம்' என்று போட்டேன். எவ்வளவு அழகாக ஓடியது தெரியுமா! இருபத்து மூன்று பேர் சார்பில் பேசுகிறவள் 'நாங்கள்' என்பதுதானே முறை, கடைசியில் ஓரிடத்தில் அவன் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். கடைசிக்கு வந்தபோது பத்து நிமிடம் நிரம்பிவிட்டது.

தமிழ் சேர் செவ்வாய்க்கிழமை அதை இரண்டு முறை வாசித்தார். "இதெல்லாம் யார் கேட்டது?" என்றார்.

"நாங்கதான் சேர்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, 'மேடையில ஏன் சேர் யாரும் பேசுற மாதிரிப் பேச மாட்டேங்கிறாங்க?' என்ற கேள்வியை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார். "இத அப்படியே வச்சிக்க" என்று திருப்பித் தந்தார். பழைய கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

பிரியாவிடை அன்று மண்டபத்தில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். முதல் இரண்டு வரிசையில் பணிப்பாளரும் ஆசிரியர்களும். அவர்களுக்குப் பின்னால் நாங்கள் இருபத்து மூன்று பேர், அதற்குப் பின்னால் மற்றப் பிள்ளைகள். இரு ஓரங்களிலும் பெற்றோர். காலையில் பால் வெட்டிக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்ததால் அம்மாவின் விரல் நுனிகளில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. பெரியம்மா ஒரு புதுச் சேலையில், பிள்ளையின் பெயரை மேடையில் சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்த முகத்தோடு இருந்தார். அதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

என் முறை வந்தது. ஒலிவாங்கியை என் உயரத்துக்கு இறக்கினேன். அழைக்க வேண்டியவர்களை ஒழுங்கு தவறாமல் அழைத்தேன். பணிப்பாளருக்குச் சிங்களத்தில் இரண்டு வரி சொன்னேன், அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஒரு மூச்சு நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன்.

"எங்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியையிடம், அ-வுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்டோம். 'நீ பள்ளிக்கூடம் வராமல் இருந்த காலம் இருக்கிறது' என்றார். அந்தக் காலத்திலிருந்து எங்களைக் கைபிடித்துக் கூட்டி வந்ததற்கு நன்றி."

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பழைய உரையைச் சேர்ந்து முணுமுணுக்கத் தயாராக இருந்த தாய்மார் வாயை மூடிக்கொண்டார்கள். தரம் ஒன்று ஆசிரியை சட்டென்று முகத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பாவம், கண்ணீரை மறைக்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. மே மாதம் இங்கே மழை கொட்டும்போது மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் ஏன் வறண்ட காற்று அடிக்கிறது என்று புவியியல் ஆசிரியையிடம் கேட்டோம். மேசையில் கொப்பிகளை அடுக்கி மலை கட்டி, தண்ணீர் தெளித்துக் காட்டினார். எங்கள் ஆட்கள் இந்தத் தோட்டத்துக்கு வந்தது பாடப்புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்று வரலாற்று ஆசிரியரிடம் கேட்டோம். அவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு பாடவேளை முழுக்கக் கதை சொன்னார். கடைத்தெருவில் தமிழில் பேசுகிறீர்களே, வகுப்பில் மட்டும் ஏன் சிங்களத்திலேயே பேசுகிறீர்கள் என்று சிங்கள சேரிடம் கேட்டோம். 'கடையில் தேவை எனக்கு, இங்கே தேவை உங்களுக்கு' என்றார். சிங்கள சேர் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவரும் பின்னால் திரும்பினார்.

விஞ்ஞான மிஸ் வந்தபோது நான் சற்றே குரலைத் தாழ்த்தினேன். எங்கே தாழ்த்த வேண்டும் என்பதையும் வீட்டில் பழகியிருந்தேன்.

"ரப்பர் மரத்தில் ஏன் எல்லாரும் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகவே வெட்டுகிறார்கள், மாற்றி வெட்டினால் என்ன என்று கேட்டோம். 'எனக்குத் தெரியாது' என்றார். பதினொரு வருடத்தில் எங்களிடம் அப்படிச் சொன்ன ஒரே ஆசிரியர் அவர். நாலு நாள் கழித்து, தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேட்டு, கையில் ஒரு துண்டு மரப்பட்டையோடு வந்தார். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக இல்லை, வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அவற்றைக் குறுக்காக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும், அதிகம் பால் வரும். எங்கள் தாய்மார் தினமும் செய்வதற்குள் இருந்த விஞ்ஞானத்தை எங்களுக்குக் காட்டியதற்கு நன்றி."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கை, கத்தி பிடித்த மாதிரி மேலிருந்து கீழாக ஒருமுறை அசைந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. விஞ்ஞான மிஸ் கதிரையிலேயே முழுதாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முகம் தெரியவில்லை. நன்றாக அழுகிறார் என்று முடிவு செய்தேன்.

இப்படிப் பதினான்கு பேர். அதிபருக்கு மட்டும் கொஞ்சம் துணிச்சலான கேள்வி. நீங்கள் யாருக்காவது பயப்படுவீர்களா என்று கேட்டதற்கு, 'ஆசிரியர் வராத திங்கட்கிழமைக்கு' என்று அவர் சொன்ன பதிலைச் சொன்னதும் ஆசிரியர்கள் பக்கத்திலிருந்து பெரிய சிரிப்பு. அதிபர் சிரிக்காமல் தலையைத் திருப்பினார். பிரதி அதிபரும் திருப்பினார். இத்தனை பேரை ஒரே உரையில் கலங்கவைத்த பேச்சாளர் இந்த மாகாணத்திலேயே இருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

கடைசியாக நண்பர்களைப் பார்த்துச் சொன்னேன். "நாளைக்கு நாங்கள் கடைக்குப் போவோம், கொழும்புக்குப் போவோம், சிலர் இதே மலைக்கு வேலைக்குப் போவோம். எங்கே போனாலும், ஏன் என்று கேட்பதை விட்டுவிடாதீர்கள். கேட்டதற்காக உங்களை வெளியே நிறுத்தினால், வெளியே நின்றபடி வானத்தைப் பார்த்து இன்னொன்று கேளுங்கள்." அது நான் எழுதிய வரிதான். அதை எழுதும்போதாவது அவன் பெயர் எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கைதட்டல் எழுந்தது. யாரோ எழுந்து நின்றார்கள், பிறகு மண்டபமே எழுந்து நின்றது. நான் கண்ணை மூடி அதை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

வெற்றிலை கொடுக்கும் நேரம் வந்தது. தலைவி என்பதால் நான் முதலில் போனேன். ஆசிரியர்கள் தலையில் கைவைத்து, நல்லா இரு மகள் என்றார்கள். பிறகு ஓரமாக நின்று மற்றவர்களைப் பார்த்தேன். பெரியம்மா மகனின் முறை வந்தபோது வரிசை தேங்கிப்போனது. ஒவ்வொருவரிடமும் அவன் நின்றான். சிங்கள சேர் அவன் காதைத் திருகினார். விஞ்ஞான மிஸ் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதிபர் அவனை எழுப்பி, "நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வா" என்றார். இந்த நாளிலும் என்ன குழப்படி செய்தானோ என்று நினைத்தேன். மறுநாள் கையில் நற்சான்றிதழோடு வந்தான். என் பேச்சைக் கேட்டு அதிபர் மனம் இளகிவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் சொன்னேன்.

பிரியாவிடை அன்று மலையேறி வரும்போது பெரியம்மா எங்களோடு பேசாமல் முன்னால் நடந்தார். அவன் என் பக்கத்தில்தான் வந்தான். பெயர் விடுபட்டதைப் பற்றிக் கேட்பான் என்று பதில் தயாராக வைத்திருந்தேன், நேரம் போதவில்லை என்று. அவன் கேட்கவில்லை. என்னால் அடக்க முடியாமல் நானே, "எல்லாரும் அழுதாங்க, பாத்தியா?" என்றேன்.

"ம், பாத்தேன்" என்றான்.

அவன் டவுனுக்குப் போய்ப் படித்தான். இப்போது மண்ணையும் மரத்தையும் ஆராய்கிற வேலையில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான். நான் இரத்தினபுரியில் ஒரு காரியாலயத்தில் இருக்கிறேன், விழா என்றால் ஒலிவாங்கி இன்றும் என் கையில்தான்.

போன வருடம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அந்தப் பிரியாவிடைக் காணொளியைப் போட்டார்கள். தரம் பத்துப் பையன் ஒருவன் மேடை ஓரத்திலிருந்து போனில் எடுத்தது. எடுத்தவன் என்னை எடுக்கவில்லை, கூட்டத்தைத்தான் எடுத்திருக்கிறான். என் குரல் மட்டும் கேட்கிறது. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் பார்க்க ஆரம்பித்தேன்.

என் குரல் 'நாங்கள் கேட்டோம்' என்கிறது. தரம் ஒன்று ஆசிரியை திரும்புகிறார். அவர் அழவில்லை. சிரித்துக்கொண்டு ஒருவனைப் பார்க்கிறார். புவியியல் ஆசிரியை திரும்பி அதே ஆளைப் பார்க்கிறார். சிங்கள சேர் அவனைப் பார்த்து விரலை ஆட்டுகிறார். பதினான்கு பேரும், ஒருவர் விடாமல், அதிபர் வரைக்கும், ஜன்னல் ஓரத்தில் இருந்த பெரியம்மா மகனைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த மண்டபத்தில் யாருக்கும் நான் பெயர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. எனக்கு மட்டும்தான் அது தெரியவில்லை. வெட்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்தேன், பிறகு மீதியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று எடுத்தேன்.

அவன் அவர்களை எல்லாம் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்துகொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், என் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டுகிறான். நான் பேசி முடிக்கிறேன். முதலில் எழுந்து நின்று கைதட்டியது அவன்தான்.